மிதமான தீர்வை

தேர்வு வாரியத்தின் வரலாற்றுக் குழுவில் அவளுக்குக் கத்தரி டீச்சர் என்று பெயர். யாராவது பக்கம் பக்கமாக ஓர் ஆவணத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, இதில் ஒரு வரிகூட எடுக்க முடியாது என்று மார்தட்டினால், அவள் அதை வாங்கிக்கொள்வாள். பென்சிலால் அங்கே ஒரு கீறல், இங்கே ஒரு கீறல். பள்ளிக்கூடப் பிள்ளை ஒரே மூச்சில் படிக்கிற அளவுக்கு அது சுருங்கிவிடும். எழுதியவர்கள் செத்துப் பல தலைமுறை ஆகிவிட்டதால் யாரும் சண்டைக்கு வந்ததில்லை.

அந்தத் திறமைக்காகத்தான் புதிய பாடத்திட்டத்தின் மாதிரி வினாத்தொகுப்பை அவளிடம் கொடுத்திருந்தார்கள். கொடுத்தார்கள் என்பதைவிட, அவள் போராடி வாங்கினாள் என்பது சரி. வரலாற்றுத் தேர்வில் ஆவணப் பகுதி என்று ஒன்று வேண்டுமா, அல்லது எல்லாவற்றையும் சரியான விடைக்கு வட்டம் போடும் வினாக்களாக மாற்றிவிடலாமா என்று வாரியத்தில் இழுபறி. ஆவணப் பகுதி என்றால் திருத்துவதற்கு மனிதர்கள் வேண்டும். வட்டத்தை இயந்திரமே திருத்திவிடும், காப்பி கேட்காது.

"ஒரு மாதிரித் தொகுப்பு தயார் பண்ணுங்க டீச்சர்," என்றார் குழுத்தலைவர். கல்லூரியில் ஓய்வு பெற்று வாரியத்தில் ஓய்வே இல்லாமல் இருந்தவர். "அது பள்ளிகள்ல சோதனை பண்ணித் தேறிச்சுன்னா பகுதி இருக்கும். பாடநூல் பின்னாடியே அச்சடிச்சிடலாம். தேறலைன்னா என்னைக் குறை சொல்லாதீங்க."

அவளுக்கு அந்தப் பகுதி உயிர். மற்ற வினாக்களுக்குப் பிள்ளைகள் மனப்பாடத்தை வாந்தி எடுப்பதைத்தான் பணிக்காலம் முழுக்கப் பார்த்திருந்தாள். ஆவணத்தைக் கொடுத்தபோதுதான் முதன்முதலாக ஒரு மாணவி, "இதை எழுதினவருக்கு இதுல என்ன லாபம் டீச்சர்?" என்று கேட்டாள். டீச்சரின் கணவர் தானிய மண்டி வைத்திருந்தார். வீட்டில் காலையிலிருந்து இரவு வரை கேட்கிற கேள்வி அதுதான். வகுப்பில் கேட்டது அன்றைக்குத்தான்.

தலைப்பு, அந்நிய ஆட்சியின் நிலவரிக் கொள்கை. நான்கு ஆவணங்கள். முதலாவது, தலைநகரத்து வருவாய்க் குழுவின் ஆணை: விளைச்சலில் சாகுபடிச் செலவு போக மிஞ்சுவதில் பாதியைத் தீர்வையாகப் பணமாகவே செலுத்த வேண்டும், முப்பது ஆண்டுகளுக்கு அது மாறாது. இரண்டாவது, மாவட்ட அதிகாரி ஒருவர் தன் மேலதிகாரிக்கு எழுதிய கடிதம். மூன்றாவது, குடியானவர்கள் கொடுத்த மனு: "அறுவடை முடியுமுன்பே தவணை வந்துவிடுகிறது. எல்லோரும் ஒரே சமயத்தில் விற்கிறோம், விலை விழுகிறது. தீர்வை மட்டும் விழுவதில்லை. சென்ற தவணையை உழவு மாடு விற்றுக் கட்டினோம்." நான்காவது, அரசின் ஆண்டறிக்கை: "தீர்வை நிலுவையின்றி வசூலானது. இது குடிகளின் செழிப்புக்குச் சான்று."

அதை அவள் கட்டியிருந்த விதத்தில் ஒரு வியாபாரியின் நுணுக்கம் இருந்தது. ஆணை சொல்வது காகிதத்துக் கணக்கு. ஆண்டறிக்கை செழிப்பு என்கிறது. மனுவைப் படித்தால் அந்தச் செழிப்பு மாடு விற்ற காசு என்று தெரியும். மனு கொடுத்தவனுக்குத் தள்ளுபடி வாங்கும் ஆசை உண்டே, அவன் பேச்சை எப்படி நம்புவது? அங்கேதான் இரண்டாவது ஆவணம். தீர்வை வசூலிக்கிற அதிகாரியே, தன்னைப் பாதிக்கக்கூடிய விஷயத்தைத் தன் மேலதிகாரிக்கே எழுதுகிறார்:

"ஆண்டுதோறும் மழை தவறாமல் பெய்து, விளைச்சலும் கணக்கில் கண்டபடியே இருக்குமானால், இப்போதைய தீர்வை மிதமானதே. நான் பொறுப்பேற்ற பிறகு அப்படி ஓர் ஆண்டு வந்ததில்லை. தள்ளுபடி கேட்டு மனுக்கள் வந்தவண்ணம் இருக்கின்றன."

வினாக்கள் படிப்படியாக ஏறின. முதலில் ஆவணத்தில் இருப்பதை எடுத்துச் சொல்வது. பிறகு, சொல்லாமல் சொல்வதை ஊகிப்பது. பிறகு, யார், யாருக்கு, எதற்காக எழுதினார் என்று பார்த்து எந்த ஆவணத்தை எவ்வளவு நம்பலாம் என்பது. கடைசியில் நான்கையும் ஒன்றோடொன்று உரசிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது: 'நிலவரி மிதமானதாக இருந்தது. இக்கூற்றை நீ எவ்வளவு ஏற்கிறாய்?'

வாரியத்துக்கு விதிகள் உண்டு. நான்கு ஆவணங்களும் ஒரே பக்கத்தில் அடங்க வேண்டும், பிள்ளை தாளைப் புரட்டிப் புரட்டித் தேடக் கூடாது. ஆவணத்தின் சொல்லை, அது பழைய தமிழாக்கமாகவே இருந்தாலும், மாற்றக் கூடாது. வேண்டாததை விடலாம், விட்ட இடத்தில் மூன்று புள்ளி வைக்க வேண்டும். இந்த விதிகளில் பாதி அவளே எழுதியவை.

தொகுப்பை முதலில் தன் வகுப்பிலேயே கொடுத்துப் பார்த்தாள். விடைகளைத் திருத்த உட்கார்ந்தவள் ஆசிரியர் அறையில் தனியாகச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. பாதி வகுப்பு, அரசு குடிகளுக்குத் தீர்வை அளித்தது என்று எழுதியிருந்தது. குடிகளின் பிரச்சினைகளுக்கெல்லாம் அரசு தேடிக் கண்டுபிடித்த தீர்வை. 'முப்பது ஆண்டுகளுக்கு மாறாத தீர்வை அளித்த அரசின் தொலைநோக்கு பாராட்டத்தக்கது' என்று ஒருத்தி அடிக்கோடிட்டிருந்தாள். தீர்வை என்றால் நிலவரி என்று அந்தப் பிள்ளைகளுக்கு யார் சொன்னார்கள்? அவர்களுக்குத் தெரிந்தது தீர்வு.

"நிலவரின்னு மாத்திட வேண்டியதுதானே?" என்றாள் பக்கத்து மேஜை அறிவியல் ஆசிரியை.

"ஆவணத்துச் சொல்லை மாத்தக் கூடாது."

"யாரு சொன்னது?"

"நான்தான்."

"அப்ப அனுபவிங்க."

வழி இருந்தது. பக்கத்தின் அடியில் ஒரு சிறு பெட்டி கட்டி, தீர்வை, தவணை, தள்ளுபடி, நிலுவை என்ற சொற்களுக்குப் பொருள் போட்டாள். பெட்டி அழகாக வந்தது. ஆனால் பக்கம் நிரம்பி வழிந்தது. அச்சுக் கோப்பவர் எழுத்தைச் சிறிதாக்க மாட்டேன் என்று கையை விரித்துவிட்டார், அதற்கும் விதி. ஏதாவது ஓர் ஆவணத்திலிருந்து இரண்டு வரியாவது போயாக வேண்டும்.

ஆணையில் கை வைத்தால் கொள்கையே இல்லை. ஆண்டறிக்கை ஏற்கெனவே எலும்பும் தோலும். தலைவர் மனுவைக் காட்டினார். "இதான் நீளமா இருக்கு. மாட்டை எடுத்துடுங்க."

"மாட்டை எடுத்தா மனுவே இல்ல சார்."

"அப்ப விலை விழறதை எடுங்க."

"அது போனா நாலாவது ஆவணத்தை எதை வச்சு சோதிப்பாங்க? குடியானவங்க பேசறது அந்த ஒரு இடத்துலதான். மத்த மூணும் அதிகாரிங்க."

"அதிகாரிங்க பேச்சைக் குறைங்க அப்ப. எனக்கு ஆட்சேபணை இல்லை. நானும் அதிகாரிதான்."

வீட்டில் அதைச் சொன்னபோது கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "நாலு பேரு பேசறாங்க, ஒருத்தன் வாயை மூடணும், அதானே? யாரு கொஞ்சம் குறைச்சுப் பேசினாலும் வியாபாரம் நடக்கும்னு பாரு."

"வியாபாரம் இல்லீங்க, பாடம்."

"நாங்களும் சாம்பிள்தான் காட்டறோம். குத்தூசியை மூட்டையில குத்தினா ஒரு பிடி வரும். அந்த ஒரு பிடியைப் பார்த்துத்தான் முழு மூட்டைக்கும் விலை. எங்க குத்தறோம்ங்கறதுதான் தொழிலு." கையைக் கழுவிக்கொண்டே சிரித்தார். "உங்க வாரியத்துல குத்தூசிக்குப் பேரு வினாத்தொகுப்பு."

அவள் பென்சிலை எடுத்தாள். இரண்டாவது ஆவணத்தில் மழை வருகிறது. மனுவில் மழை இல்லைதான், ஆனால் கஷ்டம் இருக்கிறது, அது போதாதா? தமிழ் வாக்கியத்தில் நிபந்தனை முன்னால் வரும், முடிவு பின்னால் வரும். முன்பாதியை எடுத்தாலும் வாக்கியம் இலக்கணமாக நிற்கும். அடுத்த வரியையும் எடுத்தால் பெட்டிக்கு இடம் கச்சிதம்.

"... இப்போதைய தீர்வை மிதமானதே. ... தள்ளுபடி கேட்டு மனுக்கள் வந்தவண்ணம் இருக்கின்றன."

படித்துப் பார்த்தாள். இன்னும் நன்றாக இருந்தது போலத் தோன்றியது. ஒரு பக்கம் அதிகாரி மிதம் என்கிறார், இன்னொரு பக்கம் குடியானவன் சுமை என்கிறான். எதிரும் புதிரும். ஒப்பிடச் சொல்லும் வினாவுக்கு இதைவிடத் தோதாக அமையாது. மூன்று புள்ளிகளும் வைத்தாயிற்று, யாரையும் ஏமாற்றவில்லை. கத்தரி டீச்சரின் கை என்று தலைவர் தட்டிக்கொடுத்தார். தொகுப்பு சோதனைக்குப் போயிற்று.

பல ஊர்ப் பள்ளிகளில் எழுதிய விடைத்தாள்கள் கட்டுக் கட்டாகத் திரும்பி வந்தன. அதோடு வாரியத்தின் புள்ளியியல்காரரும் வந்தார். அவருக்குச் சதவீதம் என்று பட்டப்பெயர். பெண் பார்க்கப் போன இடத்திலும் சதவீதம் பேசினார் என்று ஒரு கதை உண்டு.

"டீச்சர், நான் பார்த்ததுலயே சுத்தமான வினாத்தொகுப்பு இது," என்றார். "நல்லா படிக்கறவங்க மேல போறாங்க, படிக்காதவங்க கீழ இறங்கறாங்க. நடுவுல குழப்பமே இல்ல. தயிர் கடைஞ்ச மாதிரி பிரிக்குது. ஆவணப் பகுதிக்கு இனி எவனும் வாய் திறக்க முடியாது."

அவள் மகிழ்ந்தாள். பொய் சொல்வானேன், மிகவும் மகிழ்ந்தாள். பிறகு வழக்கம்போல, முழு மதிப்பெண் பெற்ற தாள்களை மட்டும் தனியே எடுத்து வாசிக்க உட்கார்ந்தாள். விடைத்திட்டத்தில் மாதிரி விடையாகச் சேர்க்க ஒன்று வேண்டும்.

முதல் தாள் அச்சுப் போன்ற கையெழுத்து. பெயர் இல்லை, எண் மட்டும். அந்தப் பிள்ளை எழுதியிருந்தது இது:

'ஆவணம் மூன்றை முழுமையாக நம்ப இயலாது. மனு கொடுத்தவர்களுக்குத் தள்ளுபடி பெறும் நோக்கம் இருந்தது. ஆகவே மிகைப்படுத்தியிருக்கலாம். ஆவணம் இரண்டு ஓர் அதிகாரி மேலதிகாரிக்கு எழுதிய உள்கடிதம். மக்களை ஏமாற்றும் நோக்கம் அதற்கு இல்லை. தீர்வை மிதமானது என்று அது தெளிவாகக் கூறுகிறது. மனுக்கள் வந்தவண்ணம் இருக்கின்றன என்பதால், மனுக் கொடுப்பது அப்போது ஒரு வழக்கமாகவே இருந்தது எனலாம். ஆவணம் நான்கின்படி தீர்வை நிலுவையின்றி வசூலானது. மூன்று ஆவணங்கள் ஒத்துப்போகின்றன, ஒன்று மட்டும் முரண்படுகிறது. எனவே நிலவரி மிதமானதாக இருந்தது என்ற கூற்றைப் பெரிதும் ஏற்கிறேன்.'

அவள் அதில் தவறு தேடினாள். முதலில் ஆசிரியை தேடுகிற மாதிரி, பிறகு சாவி தொலைத்தவள் தேடுகிற மாதிரி. கிடைக்கவில்லை. எழுதியவரின் நோக்கத்தைப் பார், என்று அவள்தான் சொல்லிக் கொடுத்திருந்தாள். யாருக்கு எழுதியது என்று பார், பார்த்தான். ஒன்றை இன்னொன்றால் சரிபார், பார்த்தான். விடைத்திட்டத்தின் ஒவ்வொரு படியிலும் கால் வைத்து ஏறி, உச்சியில் நின்றுகொண்டு, மாட்டை விற்றவனைப் பொய்யன் என்றான்.

அடுத்த தாள். அதற்கடுத்த தாள். நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் எல்லோரும் அதையே எழுதியிருந்தார்கள். அரைகுறையாகப் படித்த சிலர்தான், 'பாவம், மாட்டை விற்றார்கள்' என்று எழுதி, சான்று காட்டாததால் மதிப்பெண் இழந்திருந்தார்கள். சதவீதம் சொன்ன தயிர் கடைதல் இதுதான். வெண்ணெய் ஒரு பக்கம் திரண்டுவிட்டது. குடியானவனுக்குப் பரிந்து பேசியதெல்லாம் மோராகப் போயிற்று.

மனுவுக்கு இருந்த ஒரே சாட்சி அந்த அதிகாரி. அந்தச் சாட்சியை அவள் எதிர்க்கட்சிக் கூண்டில் ஏற்றியிருந்தாள், அதுவும் அவர் வாயில் பாதிச் சொல்லைத் திணித்து. முன்னால் மூன்று புள்ளி, பின்னால் மூன்று புள்ளி. எந்தப் பிள்ளை புள்ளியைப் படிக்கும்?

மறுநாள் தலைவரின் அறையில் அசல் கடிதத்தின் படியை மேஜைமேல் வைத்தாள். சதவீதமும் இருந்தார். தலைவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாசித்தார். கெட்டிக்காரர், ஒரே வாசிப்பில் புரிந்தது. முகத்தில் ஒரு நிமிஷம் நிஜமான வருத்தம் வந்தது. அதுதான் அவளை மேலும் பயமுறுத்தியது.

"இந்த ரெண்டு வரியையும் திரும்பச் சேர்த்துடலாம் சார். பெட்டியை எடுத்துட்டு."

"பெட்டியை எடுத்தா ஊருக்கெல்லாம் மறுபடி தீர்வு கிடைச்சிடும்."

"அப்ப ஆணையில குறைக்கறேன். எங்கயாவது குறைக்கறேன்."

சதவீதம் தொண்டையைச் செருமினார். "ஒரு வரி மாறினாலும் அது வேற வினாத்தொகுப்பு டீச்சர். சோதனை பண்ணது இது. அதுக்கு எங்கிட்ட ஒரு எண்ணும் இல்ல. மறுபடி பள்ளிகளுக்கு அனுப்பணும்."

"அனுப்புங்க."

"பாடநூல் இந்த வாரம் அச்சுக்குப் போகுது," என்றார் தலைவர். "சோதிக்காத தொகுப்பை வச்சா அந்த வட்டம் போடற கூட்டம் சும்மா இருக்குமா? அடுத்த கூட்டத்துலயே பகுதியைத் தூக்கிடுவாங்க. தூக்கினா தூக்கினதுதான். திரும்பி வராது, நீங்களும் நானும் இருக்கற வரைக்கும்."

"விடைத்திட்டத்துல ஒரு குறிப்பாவது போடலாம். அதிகாரி சொன்னதோட முழு வாக்கியம் இதுதான்னு."

"பக்கத்துல இல்லாத விஷயத்துக்கு மதிப்பெண் கொடுக்கக் கூடாது. யாரு போட்ட விதி?"

அவள் கடிதத்தின் படியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"பிள்ளைங்க தப்பா ஒண்ணும் செய்யலையே," என்றார் தலைவர், குரலைத் தாழ்த்தி. "முறையா யோசிச்சிருக்காங்க. நமக்கு வேண்டியதும் அதுதானே? திறமை. முடிவு எதுவா இருந்தா என்ன?"

"அப்ப மனுவை எடுத்துடுங்க சார். பொய்யன்னு பேர் வாங்கறதுக்கு அவங்க பேசாமலே இருந்துட்டுப் போகட்டும்."

"நாலு ஆவணம்," என்றார் சதவீதம், வாய்ப்பாடு ஒப்பிப்பவர் போல. "மூணு இருந்தா அது வேற தொகுப்பு."

தலைவர் ஒப்புதல் தாளை நகர்த்தினார். தயாரித்தவர் கையெழுத்துக்கான கோடு அடியில் இருந்தது. ஒரு நாள் அவகாசம் கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

கணவர் முழுக் கதையையும் கேட்டார். இந்த முறை நகைச்சுவை எதுவும் அவருக்கு வரவில்லை, அல்லது வந்ததை விழுங்கிக்கொண்டார். "போடலைன்னா?" என்றார்.

"பகுதி போயிடும். எல்லாம் வட்டம்."

"போட்டா?"

"பகுதி இருக்கும். பாடநூல் மாறற வரைக்கும், எல்லாப் பிள்ளைங்களும் இதை வச்சுப் பழகும். நல்லாப் பழகும்."

"பழகட்டுமே. யோசிக்கக் கத்துக்கிட்டவன் என்னைக்காவது முழுக் கடிதத்தைத் தேடிப் பார்க்க மாட்டானா?"

"நீங்க சாம்பிள் பார்த்து வாங்கின மூட்டையை அப்புறம் கொட்டிப் பார்த்திருக்கீங்களா?"

அவர் யோசித்தார். மண்டிக்காரர், பொய் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லத் தெரிந்தவர். "இல்ல," என்றார். "அதுக்கெல்லாம் நேரம் ஏது."

மறுநாள் அவள் கையெழுத்துப் போட்டாள். போடாமல் இருந்திருந்தால் குடியானவனுக்கு என்ன கிடைத்திருக்கும் என்று பேருந்தில் போகும்போது கணக்குப் பார்த்தாள். ஒன்றுமில்லை. நான்கு விடைகளில் ஒன்றாக அவன் ஓர் எழுத்துக்குப் பக்கத்தில் நின்றிருப்பான், அல்லது அதுவும் இல்லை. போட்டதில் என்ன கிடைத்தது என்று கணக்குப் பார்க்கவில்லை.

பாடநூல் வந்தது. ஆவணப் பகுதி வென்றது என்று குழுவில் இனிப்பு கொடுத்தார்கள். ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பு இயல்பாகவே தயாரித்தவளிடம் வந்தது.

ஏதோ ஒரு பள்ளியின் கூட்ட அரங்கு. மின்விசிறிகள் சத்தத்துக்குச் சுற்றின. வந்திருந்த வரலாற்று ஆசிரியர்கள் புதிய பாடநூலைப் பிரித்து, நான்கு ஆவணங்களும் ஒரே பக்கத்தில் இருப்பதைப் பார்த்து நிம்மதி அடைந்தார்கள். அவள் வினாக்களை ஒவ்வொன்றாக விளக்கினாள். நோக்கம் பார்க்கணும், யாருக்கு எழுதினதுன்னு பார்க்கணும், ஒண்ணை இன்னொண்ணால சரிபார்க்கணும். குரல் தடங்கவில்லை. எத்தனையோ வருஷம் சொன்ன பாடம், வாய் தானாகவே போயிற்று. பிறகு முழு மதிப்பெண் விடை திரையில் விழுந்தது, அந்த அச்சுப் போன்ற கையெழுத்து. அதைச் சத்தமாக வாசித்தாள்.

அரங்கில் பாராட்டுச் சலசலப்பு. "இந்த வயசுல என்னமா யோசிச்சிருக்கான் பாருங்க," என்றார் முன்வரிசைக்காரர் ஒருவர்.

நடுவரிசையில் ஓர் ஆசிரியை கையைத் தூக்கினாள். புதிதாக வேலைக்கு வந்தவள் போலிருந்தது, பேனாவைத் திறந்து வைத்திருந்தாள்.

"டீச்சர், ஒரு சந்தேகம். வகுப்புல பிள்ளைங்க கேட்டா என்ன சொல்லணும்? அந்தக் குடியானவங்க உண்மையிலேயே பொய்தான் சொன்னாங்களா?"

எல்லோரும் கத்தரி டீச்சரைப் பார்த்தார்கள். சொல்லிவிடலாம். மழையையும், அந்த அதிகாரியையும், அவர் பொறுப்பேற்ற பிறகு வராமலே போன அந்த நல்ல ஆண்டையும் இவர்களிடம் சொல்லிவிடலாம். சொன்னால் இவர்கள் வகுப்பில் சொல்வார்கள். பிள்ளைகள் தேர்வில் எழுதும். பக்கத்தில் இல்லாததை எழுதியதாகத் திருத்துபவர்கள் மதிப்பெண்ணைக் குறைப்பார்கள். விதி அப்படி.

"ஆவணத்துல என்ன இருக்கோ, அதை வச்சு மட்டும்தான் எழுதச் சொல்லணும்," என்றாள்.

ஆசிரியை தலையை ஆட்டினாள். அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். அவளுக்கு இருபுறமும் இருந்தவர்கள் எட்டிப் பார்த்து, தாங்களும் எழுதிக்கொண்டார்கள்.